ஆச்சி வெட்டச் சொன்ன 5 நொடி

தங்கச்சியின் முறுக்குக் கடை விளம்பரத்துக்கு, ஆச்சி மாவு பிழிவதை வீடியோ எடுத்தோம். "எடுத்துக்கோ தாயி" என்றுதான் சொல்லியிருந்தார். எடுப்பதற்கான சம்மதம் அது. பூஸ்ட் போட்டு, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் காட்டப்போகிறோம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அதைச் சொல்லி, எடிட் முடித்த 30 நொடியையும் ஃபோனில் போட்டுக் காட்டினேன். பல்செட் இல்லாமல் சிரிக்கும் இடம் வந்ததும், "இது வேணாம்யா" என்றார். வீடியோவிலேயே அழகான 5 நொடி அதுதான். தங்கச்சிக்கு மனசே இல்லை. ஆனால் வாட்ஸப்பில் ஒருமுறை போய்விட்டால், பிறகு நம் பேஜில் அழித்தாலும் அடுத்தவர் ஃபோனில் கிடக்கும். வெட்டினோம்.

"நடிச்சதுக்கு எவ்வளவு?" என்றார் ஆச்சி. சிரிக்கவில்லை.