எழுத்துக்கு வழிவிடும் ஆரஞ்சு

சென்னையில் நான் பார்க்கப் போன வடிவமைப்புக் கூடம் ஒரே அறைதான். மேசை மேல் ஒரு மசாலாப் பொடிப் பொட்டலம், வெளிச்சத்தைக் குறைத்து வைத்த பழைய கைபேசி ஒன்று, இரண்டு கணினித் திரைகள். பொட்டலத்தின் ஆரஞ்சு நிறம்தான் அந்த மசாலா நிறுவனத்தின் அடையாளம். திரையில் அதற்கு #F57C00 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். கைபேசியில் பொடி வாங்குவதற்கான செயலிக்கு இந்த ஒரு நிறத்திலிருந்து முழு வண்ணத் தொகுப்பையும் உருவாக்க வேண்டும். பின்னணி, பட்டன், விலை, இணைப்பு, எச்சரிக்கை எல்லாமே இதிலிருந்து பிறக்க வேண்டும். பார்க்கிறவருக்கு இது நிறம் தேர்ந்தெடுக்கும் வேலையாகத் தோன்றும். ஆனால் அந்த அறையில் இருந்த மூவரும் எந்த நேரத்திலும் ஒரு நிறத்தைத் தனியாக எடுத்துப் பேசவில்லை. எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் உட்காரும் என்பதே அவர்கள் பேச்சாக இருந்தது. இந்தத் தொழிலின் சாரம் அதுதான் என்பது என் முடிவு. வண்ணத் தொகுப்பின் அடிப்படை அலகு சோடி. சோடிகளை முதலில் முடிவு செய்தால் எழுத்தும் படிக்க வரும், அடையாள நிறமும் சிதையாமல் நிற்கும்.

முதலில் அளவு. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டை, அதாவது கான்ட்ராஸ்ட்டை, எண்ணாகச் சொல்ல ஒரு சூத்திரம் உண்டு. 2008-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட அணுகல் நெறிமுறையில் அது இருக்கிறது:

```
(L1 + 0.05) / (L2 + 0.05)
L = 0.2126 R + 0.7152 G + 0.0722 B
```

L1 என்பது இரண்டில் வெளிச்சமான நிறத்தின் ஒளிர்வு, L2 மங்கலானதன் ஒளிர்வு. R, G, B மூன்றையும் திரை எண்ணாக அப்படியே போடாமல், உண்மையான ஒளி அளவாக மாற்றிய பிறகே போட வேண்டும். விடை 1-லிருந்து 21 வரை வரும். வெள்ளையில் கறுப்பு 21. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 வேண்டும். பெரிய எழுத்துக்கும், பொருள் சொல்லும் குறிகளுக்கும் 3 போதும். இந்த 4.5 எங்கிருந்து வந்தது என்பதும் நெறிமுறையின் விளக்கத்திலேயே இருக்கிறது. நல்ல பார்வைக்கு 3 போதும் என்று பழைய தரநிலைகள் ஏற்றிருந்தன. பார்வை ஓரளவு குறைந்தவர் இழக்கும் கூர்மையை ஈடுகட்ட அதை ஒன்றரை மடங்காக்கினார்கள். இப்போது நம் ஆரஞ்சை அளந்தால், அதன் மேல் வெள்ளை எழுத்துக்கு வெறும் 2.7 கிடைக்கிறது. வெள்ளைத் தாளில் ஆரஞ்சு எழுத்து எழுதினாலும் அதே 2.7தான், ஏனென்றால் சோடி ஒன்றே. பெரிய எழுத்துக்கான 3-ஐக்கூட அது தொடவில்லை.

இந்த இடத்தில் பலரும் செய்யும் தவறு, நிறத்தேர்வுப் பெட்டியில் உள்ள வெளிச்சக் கோலை நம்பிப் பத்துப் படிகளைச் சம இடைவெளியில் வெட்டி எடுப்பது. பரவலாகப் புழங்கும் hsl முறையில் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் வெளிச்சம் ஒரே 50 சதவீதம் என்று எழுதியிருக்கும். ஆனால் வெள்ளைப் பின்னணியில் அந்த மஞ்சளின் கான்ட்ராஸ்ட் 1.07, அந்த நீலத்தினது 8.59. மேலே உள்ள சூத்திரத்தைப் பார்த்தால் காரணம் புரியும். நம் கண் பச்சை ஒளியை மிகுதியாகவும் நீல ஒளியை மிகக் குறைவாகவும் வெளிச்சமாக உணர்கிறது. hsl அந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. அதனால் இந்தக் கூடத்தில் oklch முறையில் வேலை செய்கிறார்கள். பியோர்ன் ஓட்டோசன் 2020-இல் வெளியிட்ட ஓகேலேப் நிறவெளியின் இன்னொரு வடிவம் அது. அதில் வெளிச்சப் படி கண்ணுக்குத் தெரியும் படிக்கு நெருக்கமாக இருக்கும். நெருக்கம்தான், சமம் இல்லை. ஆகவே அதில் படிகளை வரைந்த பிறகும் ஒவ்வொரு சோடியையும் சூத்திரத்தில் போட்டு அளக்கிறார்கள். வரைவதற்கு ஒரு கருவி, தீர்ப்புக்கு வேறொரு கருவி.

அடுத்தது, எழுத்துக்கான அடர்த்தியான ஆரஞ்சு. வெள்ளையின் மேல் 4.5 வேண்டுமானால் அந்த நிறத்தின் ஒளிர்வு 0.183-க்கு மேல் போகக் கூடாது. நம் ஆரஞ்சின் ஒளிர்வு 0.338. ஏறத்தாழப் பாதியாக இறக்க வேண்டும். சும்மா கறுப்பைக் கலந்து இறக்கினால் #A05100 போன்ற ஒன்று வருகிறது. கான்ட்ராஸ்ட் 5.7, கணக்கில் தேறிவிட்டது. ஆனால் பார்த்தால் ஈரக் களிமண். இருட்டான ஆரஞ்சைக் கண் பழுப்பு என்றே படிக்கும். அதனால் மூத்த வடிவமைப்பாளர் இருட்டை ஏற்றும்போதே நிறத்தைச் சிவப்புப் பக்கம் சற்றுத் திருப்புகிறார். hsl நிற வட்டத்தில் 30 பாகையில் இருந்தது 24-க்கு வருகிறது. கிடைப்பது #B34700, வெள்ளையின் மேல் 5.5. களிமண் போய்ச் சூளையில் வெந்த ஓட்டின் நிறம் வருகிறது. பொட்டலத்தின் பக்கத்தில் வைத்தால் ஒரே குடும்பம் என்று தெரிகிறது. எண்ணைக் கெடுக்காமல் உறவைக் காப்பாற்றும் இந்தத் திருப்பம்தான் கைத்தேர்ச்சி. சூத்திரம் இதைச் சொல்லித் தராது.

5.5 எதற்கு, 4.5 போதுமே என்று கேட்கலாம். இளைய வடிவமைப்பாளர் முதலில் எடுத்தது #C65100. வெள்ளையின் மேல் அது 4.59, தேறுகிறது. ஆனால் செயலியில் விலைப் பெட்டிகளின் பின்னணி வெள்ளை இல்லை, #FFF3E0 என்ற வெளிர் ஆரஞ்சு. அதன் மேல் அதே எழுத்து 4.18-க்கு இறங்கித் தோற்றுவிடுகிறது. வெளிர் பின்னணி வெள்ளை மாதிரியே தெரிவதால் இதை யாரும் கண்ணால் பிடிப்பதில்லை. #B34700 அங்கே 5.0, தாங்குகிறது. இன்னொரு கசிவு, ஒளிபுகு அளவு. ‘துணை எழுத்து கொஞ்சம் மெல்லியதாக இருக்கட்டும்’ என்று அதே நிறத்தை 70 சதவீதத்துக்குக் குறைத்தால் பின்னணி உள்ளே கலந்து, 5.0 என்பது ஏறக்குறைய 3.0 ஆகிவிடுகிறது. நிரலில் நிறத்தின் எண் மாறவே இல்லை, கோப்பைத் தேடினாலும் தவறு தென்படாது. திரையில் உண்மையில் விழும் நிறத்தை எடுத்து அளந்தால்தான் தெரியும். ஆகவே துணை எழுத்துக்கு ஒளிபுகு அளவை இங்கே அனுமதிப்பதில்லை, அதற்கென்று தனி நிறம் ஒன்றை அளந்து வைக்கிறார்கள்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, நிறுவனத்துக்காரரிடமிருந்து. தொலைபேசியில் அவர் சொன்னது: “இது எங்க ஆரஞ்சே இல்லையேம்மா, செங்கல் மாதிரி இருக்கு.” அதற்கு வந்த பதில்: “லோகோ உங்க ஆரஞ்சுலயேதான் இருக்கும் சார். விலையும் காலாவதித் தேதியும் மட்டும்தான் இதுல.” மறுப்பில் நியாயம் இருக்கிறது. அடையாள நிறம் என்பது பல வருடப் பழக்கத்தில் வாங்குபவர் மனதில் ஏறியது. ஆனால் அது ஏறிய இடம் பொட்டலத்தின் முகம், அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்து இல்லை. நெறிமுறையும் சின்னத்துக்குள் இருக்கும் எழுத்துக்குக் கான்ட்ராஸ்ட் விதியிலிருந்து விலக்குத் தருகிறது. பரந்த பரப்பில்தான் ஒரு நிறம் தன்னைக் காட்டும். மெல்லிய எழுத்துக்கோட்டில் ஆரஞ்சு வெளிறிப் போவதால் அங்கே அடையாளமும் நிற்காது, சொல்லும் நிற்காது. இதன் மறுபக்கமும் உண்டு. செயலியை இருட்டுப் பின்னணிக்கு மாற்றி #121212-இன் மேல் வைத்தால், தாய் நிறமான #F57C00 எழுத்தாகவே 6.9 பெறுகிறது. வெள்ளையில் வென்ற #B34700 அங்கே 3.4-க்கு விழுகிறது. எந்த நிறமும் இயல்பிலேயே நல்ல எழுத்து நிறம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு கனமானது, அது தொழிலுக்குள்ளிருந்தே வருகிறது. ஆரஞ்சுப் பட்டனில் கறுப்பு எழுத்துக்குச் சூத்திரம் 7.8 தருகிறது, வெள்ளைக்கு 2.7. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பலர் வெள்ளையே நன்றாகப் படிக்க வருகிறது என்கிறார்கள். இந்தக் கூடத்திலும் மூவரில் இருவர் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் கண்ணைக் குறை சொல்ல முடியாது. 2008 சூத்திரம் வெளிர் மேல் இருட்டையும், இருட்டின் மேல் வெளிரையும் ஒன்றாகவே எண்ணுகிறது. எழுத்தின் தடிமனும் அதன் கணக்கில் இல்லை. இவற்றைக் கணக்கில் கொள்ளவே ஆண்ட்ரூ சோமர்ஸ் ‘ஆப்கா’ என்ற புதிய அளவை முறையை உருவாக்கினார். அது இந்த ஆரஞ்சில் வெள்ளைக்கே கூடுதல் மதிப்பெண் தருகிறது. அப்படியானால் பழைய எண்ணைத் தூக்கிப் போடலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். கறுப்பா வெள்ளையா என்பதில் இரண்டு அளவைகளும் முரண்படுவது நடுத்தர ஒளிர்வுள்ள நிறங்களில்தான். அந்த முரண்பாடே, அங்கே நீண்ட எழுத்தை வைக்காதே என்று சொல்லும் செய்தி. வெள்ளை எழுத்துப் பட்டன் வேண்டுமா, #B34700-இன் மேல் வையுங்கள், இரண்டு அளவையிலும் தேறும். தாய் ஆரஞ்சின் மேல் சொல் வந்தே தீர வேண்டுமானால் ஓரிரு தடித்த சொற்கள், #3D1800 என்ற அடர் பழுப்பில். அது 5.8.

முடிந்த தொகுப்பை நிரலில் எழுதும்போது நிறத்தின் பெயரை விட்டுவிட்டு வேலையின் பெயரை வைக்கிறார்கள்:

```css
:root {
  --brand: #F57C00;
  --on-brand: #3D1800;
  --surface: #FFF3E0;
  --accent-text: #B34700;
}
.dark {
  --surface: #121212;
  --accent-text: #F57C00;
}
```

‘ஆரஞ்சு 700’ என்று பெயரிட்டால் எழுதுபவர் அதை எங்கே வேண்டுமானாலும் போடுவார். ‘இந்தப் பரப்பின் மேல் வரும் எழுத்து’ என்று பெயரிட்டால் சோடி பெயரிலேயே கட்டப்பட்டுவிடும். பின்னணி மாறினால் எழுத்தும் கூடவே மாறும்.

கடைசிச் சோதனை அந்தப் பழைய கைபேசியில். வெளிச்சத்தைக் குறைத்து, சன்னலோர வெயிலில் வைத்து, ‘கல்’, ‘கல’ என்று புள்ளியில் மட்டும் வேறுபடும் சொற்களைச் சிறிய அளவில் காட்டுகிறார்கள். மங்கிய சோடியில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். 4.59 பெற்ற நிறம் வெளிர் பெட்டியின் மேல் அங்கே தடுமாறியது, #B34700-இல் புள்ளி நின்றது. எழுத்து வடிவங்களைப் பற்றி நெறிமுறையின் எண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அது ஒரு கீழ் எல்லை மட்டுமே. அந்த எல்லைக்கு மேல் எவ்வளவு இடம் விடுவது என்பதை அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.