விசாரித்ததாகவே எடுத்துக்கொள்கிறேன்

துக்க விடுப்பில் இருப்பவர் போன் செய்து, என்றைக்கு வேலைக்கு வருகிறார் என்று சொன்னதும், மனிதவளப் பிரிவில் இருக்கும் நான் இன்னொன்றும் கேட்பேன்: “ஆபீஸ்ல விசாரிச்சா உங்களுக்குப் பரவாயில்லையா சார், வேண்டாமா?”

நம் ஊரில் துக்கம் விசாரிப்பது கடமை. வீட்டுக்கு வர முடியாதவர்கள் ஆளை முதலில் பார்க்கும் இடத்திலேயே அந்தக் கடனைத் தீர்க்கப் பார்ப்பார்கள். லிஃப்டில் ஒருவர், காபி மெஷின் பக்கத்தில் இன்னொருவர். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “எப்படி ஆச்சு? வயசு என்ன?” மொட்டைத் தலையைப் பார்த்து, விவரம் தெரியாத ஒருவர் “திருப்பதியா?” என்று சிரித்துக்கொண்டே கேட்பதும் நடக்கும்.

அதனால் “யாரும் எதுவும் கேட்க வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவைத்தால் எடுபடாது. கேட்காமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள், அவரை எதிர்கொள்ளவே கூசுவார்கள். அவர் உள்ளே வந்ததும் பேச்சு சட்டென்று நின்றால், செய்தி தப்பாகப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

கணக்குப் பிரிவில் ஒருவருக்கு அப்பா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். நாங்கள் இருவரும் போனிலேயே எழுதியது இது:

“அப்பாவுக்குத் தூக்கத்தில் மாரடைப்பு. வயது 71. வீட்டுக்கு வந்தவர்களுக்கு நன்றி. வர முடியாதவர்களும் விசாரித்ததாகவே எடுத்துக்கொள்கிறேன். வேலைக்கு நடுவில் இதைப் பேசுவது எனக்குக் கஷ்டம். சாப்பிடும்போது நானே ஆரம்பித்தால் தாராளமாகப் பேசலாம். என் வேலைகளை வழக்கம்போல என்னிடமே கொடுங்கள்.”

கேட்கப்போகும் இரண்டு கேள்விகளுக்கும் முதலிலேயே பதில் இருக்கிறது. வராதவர்களின் கடனை “விசாரித்ததாகவே” என்ற வரி அடைத்துவிடுகிறது. என் கணக்கில் அதுதான் முக்கியமான வரி. கடைசி வரியும் வேண்டும். அது இல்லாவிட்டால், பாவம் என்று ஃபைல்களை எடுத்துப் போய்விடுவார்கள், வெறும் மேஜை முன்னால் உட்கார்ந்திருப்பது அவருக்கு இன்னும் கொடுமை.

ஞாயிறு மாலை டீம் லீடர்தான் இதை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அப்பாவை இழந்தவரே போட்டால் கைகூப்பும் படங்கள் ராத்திரி முழுக்க அவர் போனுக்கே வந்துகொண்டிருக்கும்.

குழுவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது எட்டாது. செக்யூரிட்டி கேட்பார், வெளியூர் ஆடிட்டர் கேட்பார். அவர்களுக்கென்று ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளச் சொன்னேன்: “ஆமா சார், அப்பா தவறிட்டார். அப்புறம் சொல்றேன், அந்த வவுச்சர் என்னாச்சு?” கேள்வியில் முடிவதால் பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும்.

பேச வேண்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. அம்மாவை இழந்த ஒரு பெண், “கேக்கச் சொல்லுங்க மேடம், யாரும் அம்மா பேரையே எடுக்க மாட்டேங்கறாங்க” என்றார். அவருக்கான செய்தியில் அதையே எழுதினோம்.

இந்த விருப்பம் நாளாக நாளாக மாறும். அதனால் முதல் மாசிகம் நெருங்கும்போது மறுபடி ஒருமுறை கேட்பேன். மாசிகத்தன்று பாதி நாள் விடுப்பு வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டு, டீம் லீடரிடம் சொல்லிவைத்துவிடுவேன்.