சொல்லும் அலகும்

பொதிகை மலையடிவாரத்தில், தாமிரபரணிக் கரையில் அமைந்துள்ள விக்கிரமசிங்கபுரம் என் ஊர். ஆற்றுநீரின் வீழ்ச்சியைக் கொண்டு பொறிகளை இயக்கலாம் என்பதாலேயே 1880களில் இங்கு நூற்பாலை நிறுவப்பட்டது. மேலே, பாபநாசத்தில் நீர்மின் நிலையம் உள்ளது. எனவே, மேல்நிலை வகுப்பில் பயின்றபோது, நீர்மின்னாக்கம் பற்றிய பத்து வரி ஆங்கிலப் பகுதியைத் தமிழாக்கும் பணி எனக்கு எளிதாகவே தோன்றியது.

ஒரே மாலையில் அதனை முடித்து, வகுப்புத் தோழர்களுக்கெனச் சொற்பட்டியலும் எழுதினேன். ‘ஃபோர்ஸ்’, ‘எனர்ஜி’, ‘பவர்’ ஆகிய மூன்றுக்கும் ‘சக்தி’ என்றே குறித்தேன். ‘ஹெட்’ என்பதற்குத் ‘தலை’ என்று எழுதினேன். அடுத்த வாரத் தேர்வில், 1000 வாட் கருவி 10 நொடிகளில் எவ்வளவு ‘எனர்ஜி’ கொள்ளும் என்று வினவப்பட்டிருந்தது. விடை 10,000 ஜூல். என் பட்டியலை மனனம் செய்திருந்த தோழன் 1000 என எழுதினான். “இரண்டும் சக்திதானே?” என்றான். மதிப்பெண்ணை இழந்தவன் அவன், பிழை என்னுடையது.

ஆசிரியர் என் தாளைப் பார்த்து, “சொல்லைத் தேடுமுன் அலகைப் பார்” என்றார். நியூட்டனில் அளக்கப்படுவது விசை. ஜூலில் அளக்கப்படுவது ஆற்றல். வாட்டில் அளக்கப்படுவது திறன். அலகு வேறானால் சொல்லும் வேறாக வேண்டும். ‘ஹெட்’ மீட்டரில் தரப்பட்டிருந்தது. அது தலையன்று, மேல்நீர் மட்டத்திற்கும் சுழலிக்கும் இடையிலான உயரம். நொடிக்கு ஒரு கன மீட்டர் நீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், ஏறத்தாழ 980 கிலோவாட் திறன் கிடைக்கக்கூடும். அதனை ‘நீர்வீழ் உயரம்’ என மாற்றினேன்.

ஆலைத் தொழிலாளியான என் தந்தை ஓர் ஐயம் எழுப்பினார். “பவர் லூமை விசைத்தறி என்கிறோமே! பவர் என்றால் விசைதானே?” ஆசிரியரிடம் கேட்டேன். “குதிரைத்திறன் என்றும் சொல்கிறோமே” என்று சிரித்தார். நெசவில் ஊன்றிய சொல்லை மாற்ற வேண்டியதில்லை. இயற்பியல் பட்டியலில் மட்டும் ஒரு சொல் ஒரு பொருளையே சுட்ட வேண்டும். எனவே, பட்டியலின் தலைப்பிலேயே துறையின் பெயரை எழுதினேன்.

பின்னர், மூலத்தைக் காணாத தோழன் ஒருவனிடம் என் தமிழாக்கத்தைத் தந்து, ஆங்கிலத்தில் திருப்பி எழுதச் சொன்னேன். விசையும் ஆற்றலும் திறனும் பிழையின்றித் திரும்பின. ஆனால், மூலத்தில் ‘வெலாசிட்டி’ என்றிருந்த இடத்தில் அவன் ‘ஸ்பீடு’ என்று எழுதியிருந்தான். திசையையும் குறிக்கும் ‘திசைவேகம்’ என்ற சொல்லுக்கு மாறாக, நான் ‘வேகம்’ என்று எழுதியதே காரணம். படித்தபோது சரளமாக இருந்ததால் அப்பிழை என் கண்ணுக்குப் படவில்லை.

புதிய பட்டியலில் நான்கு பத்திகள் இருந்தன: ஆங்கிலச் சொல்லின் ஒலிப்பு, தமிழ்ச்சொல், அலகு, எடுத்துக்காட்டுத் தொடர். முதற்படியை மதிப்பெண் இழந்த தோழனிடமே கொடுத்தேன். அவன் அலகுப் பத்தியை விரலால் தடவிப் படித்துவிட்டு, “இனி மாறாது” என்றான். இன்று பாடநூற் குழுவில் சொற்பட்டியல் என் முன் வரும்போதும், என் கண் முதலில் தேடுவது அந்த மூன்றாம் பத்தியைத்தான்.