எந்த நாளிலிருந்து எண்ணுவது?

அன்புள்ள மாமாவுக்கு,

போளூர் ஏஜென்சிக்காரர் கையெழுத்துக்காக விட்டுப்போன ஒப்பந்தத்தை நேற்று முழுதும் படித்தேன். ஆங்கிலத்தில் பதினான்கு பக்கம். அதில் பாதி எல்லா ஒப்பந்தத்திலும் வரும் வாசகங்கள்தான். உங்கள் கடையைத் தொடுவது இரண்டே விஷயம்: வாங்கிய சரக்குக்கு எத்தனை நாளில் பணம் கட்ட வேண்டும், கெட்ட சரக்கை எப்படித் திருப்புவது. மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். கடைக்காரர்கள் வழுக்கி விழுவதை இந்த இரண்டு இடத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் கடன் தவணை. சேல்ஸ்மேன் உங்களிடம் வாய்மொழியாக "மூணு வாரம்" என்று சொல்லியிருப்பார். தாளிலும் 21 நாள் என்றுதான் இருக்கிறது, அதில் பொய் இல்லை. ஆனால் அந்த 21 நாள் பில் தேதியிலிருந்து ஓடுகிறது, சரக்கு உங்கள் கடையில் இறங்கிய நாளிலிருந்து அல்ல. நீங்கள் பணம் கொடுத்த நாளும் கணக்கில் இல்லை. ஏஜென்சியின் வங்கிக் கணக்கில் பணம் ஏறிய நாள்தான் கட்டிய நாள்.

போளூர் டவுன் கடைக்கு இது பெரிய வித்தியாசமில்லை. காலையில் பில் போட்டால் மதியம் சரக்கு வந்துவிடும். ஜமுனாமரத்தூருக்கு அப்படி இல்லையே மாமா. லோடு சேரும் வரை பில் போட்ட சரக்கு குடோனிலேயே கிடக்கும். மழை பிடித்தால் மலைப்பாதையில் வண்டி ஏற இன்னொரு நாள் தள்ளும். நவம்பர் 3-ஆம் தேதி 42,000 ரூபாய்க்குப் பில் போட்டு, சரக்கு 6-ஆம் தேதி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை 24-ஆம் தேதியோடு முடிகிறது. செக் கொடுத்து அது வரவாக ஓரிரு நாள் பிடிக்கும் என்றால் 22-ஆம் தேதியே கொடுத்தாக வேண்டும். 21 நாள் என்று சொன்னது உங்கள் கைக்கு வரும்போது 16 நாள்தான்.

தவறினால் என்ன ஆகும்? ஒன்பதாம் பக்கத்தில் ஆண்டுக்கு 24 சதவீத வட்டி. இதைக்கூட விடுங்கள், வட்டி எந்த நாளிலிருந்து என்று பாருங்கள். தவணை முடிந்த நாளிலிருந்து அல்ல, பில் தேதியிலிருந்தே போடுவார்களாம். அதே 42,000 ரூபாயை டிசம்பர் 4-ஆம் தேதி கட்டினால் தாமதம் பத்து நாள். பத்து நாளுக்கு வட்டி ஏறக்குறைய 276 ரூபாய். ஆனால் இந்த வாசகத்தின்படி 31 நாளுக்குப் போட்டு 856 ரூபாய் கேட்பார்கள். ஒரு நாள் தாமதமானாலும் முன்னால் கொடுத்த 21 நாள் சலுகையும் சேர்ந்து பறிபோகும்.

உங்களிடம் வாங்குகிறவர்கள் சாமை அறுத்து விற்ற பிறகு, மாசி பங்குனியில் புளி போட்ட பிறகு என்று கணக்குத் தீர்க்கிறவர்கள். அவர்கள் நாணயமானவர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் தவணை மாதக் கணக்கு, உங்களுக்கு இவர்கள் கொடுப்பது நாள் கணக்கு. நடுவில் உள்ள இடைவெளியை உங்கள் கைக்காசுதான் நிரப்புகிறது. அதனால் நோட்டில் எழுதிப் போகும் வீடுகளுக்கான அரிசி, எண்ணெயை இந்த ஏஜென்சிக் கடனில் எடுக்காதீர்கள். ரொக்கத்துக்கு ஓடுகிற பிஸ்கட், சோப்பு, ஷாம்பு பாக்கெட்டை மட்டும் எடுங்கள். அவை விற்ற பணமே தவணைக்குள் திரும்பி வந்துவிடும்.

அடுத்தது ரிட்டர்ன். இதில் சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இரக்கமாகவே இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வந்த சரக்கைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. ஒப்பந்தப்படி இல்லை என்று மறுத்தால் தகவல் சொன்னால் போதும், திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடமை உங்களுக்குக் கிடையாது. ஆனால் அதே சட்டம், இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதற்கு இடம் கொடுக்கிறது. இந்த ஒப்பந்தம் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது.

டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் நல்ல நிலையில் வந்தது என்று அர்த்தமாம். டேமேஜ் இருந்தால் 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். ஆறாம் பக்கத்தில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது: சரக்கு குடோனை விட்டுக் கிளம்பியதும் பொறுப்பு வாங்குபவருடையது. அப்படியானால் தார்ப்பாய் கிழிந்து மலைப்பாதையில் அட்டைப்பெட்டி நனைந்தாலும் அது உங்கள் நஷ்டம். வண்டி அவர்களுடையது, டிரைவர் அவர்களுடைய ஆள், பொறுப்பு மட்டும் உங்களுடையதா? "கடையில் இறக்கிய பிறகு" என்று இந்த வரியை மாற்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள் மாமா. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

சரக்கு இறக்கும் பையன் அவசரப்படுத்தினாலும் சலானில் வெறும் கையெழுத்து வேண்டாம். "பெட்டிகள் எண்ணப்பட்டன, உள்ளே பார்க்கவில்லை" என்று தமிழிலேயே எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். பெட்டியின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். நனைந்து காய்ந்த அட்டை மேலே மொடமொடப்பாக இருந்தாலும் அடிமூலையில் அழுத்தினால் தொய்யும், ஓரத்தில் பழுப்புக் கோடு தெரியும். அதை அங்கேயே போட்டோ எடுத்து ஏஜென்சியின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். ஆனால் வாட்ஸ்அப் தகவலும் எழுத்து என்றே கொள்ளப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்பயரி சரக்குக்கு வருகிறேன். தேதி முடிய 30 நாளுக்கு முன்பே சொன்னால்தான் எடுப்பார்கள். அதுவும் மூன்று மாதக் கொள்முதலில் ஒரு சதவீதம் வரைதான். மூன்று மாதத்தில் 2,40,000 ரூபாய்க்கு வாங்கினால் 2,400 ரூபாய்ச் சரக்கு திரும்பும். அதற்கு மேல் தேங்கினால் உங்கள் தலையில்தான். தேதி முடிந்த உணவுப் பொருளை விற்பது குற்றம் என்பதால் பாதி விலைக்குத் தள்ளவும் வழியில்லை.

ஒரு சதவீதத்தை இரண்டாக்கச் சொல்லிக் கேட்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதைவிட முக்கியமானது இந்த ஒப்பந்தத்தில் சொல்லாமலே விட்ட ஒன்று: சரக்கு வரும்போது அதில் எத்தனை நாள் ஆயுள் மீதி இருக்க வேண்டும்? ஆறு மாதம் தாங்கும் பிஸ்கட் நான்கு மாதம் குடோனில் கிடந்துவிட்டு உங்களிடம் வந்தால், ரிட்டர்ன் சொல்ல வேண்டிய நாள் போக, விற்க ஒரு மாதம்தான் மிஞ்சும். மொத்த ஆயுளில் பாதியாவது மீதி இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

திருப்பிய சரக்குக்கு ரொக்கம் கிடையாது, கிரெடிட் நோட்தான். அது கைக்கு வரும் முன்பே அடுத்த பில்லில் நீங்களாகக் கழித்துக் கட்டினால், கழித்த தொகை பாக்கியாக நின்று அதற்கும் அந்த 24 சதவீதம் ஏறும். கிரெடிட் நோட் 15 நாளுக்குள் வர வேண்டும், வராவிட்டால் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி கேளுங்கள்.

கடைசியாக, பதினோராம் பக்கத்தில் ஈடாக இரண்டு வெற்று செக்கில் கையெழுத்துக் கேட்கிறார்கள். வெற்று செக்தானே என்று நினைக்க வேண்டாம். தொகையை வேறு யார் நிரப்பினாலும், மனமொப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் கடனுக்காகக் கொடுத்ததாகவே கருதப்படும், இல்லை என்று காட்டும் பாரம் கொடுத்தவர் மேல் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு செக் போதும். அதன் எண்ணையும், அதிகபட்சம் எவ்வளவு தொகைக்கு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

மாற்ற வேண்டிய வரிகளைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்திலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். தவணையை மட்டும் "சரக்கு இறங்கிய நாளிலிருந்து 21 நாள்" என்று முதலில் கேளுங்கள். மறுத்தால் பில் தேதியிலிருந்து 24 நாள் கேளுங்கள், இரண்டும் உங்களுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஏஜென்சிக்காரர் ஒப்புக்கொண்ட திருத்தம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்