மணமும் புகையும்

பணியின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வந்து குடியேறியவர்களுள் நானும் ஒருத்தி. இந்நகரில் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் இடைக்காலத்தில் கொசுத் தொல்லை மிகும். அந்நாள்களில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படிகளில் ஏறும்போதே, எந்த வீட்டில் எதைக்கொண்டு கொசுவை விரட்டுகிறார்கள் என்பதை மூக்கு அறிந்துவிடும். ஒரு வீட்டில் கொசுவர்த்திச் சுருளின் புகை. அடுத்த வீட்டில் தெளிப்பானின் நெடி. இன்னொரு வீட்டில் எலுமிச்சை போல் மணக்கும் மெழுகுவர்த்தி. மணம் பரவினால் கொசு ஓடிவிடும் என்று பலரும் நம்புகின்றனர். ஆனால், பெரும்பாலும் நாம் முகரும் மணம் வேறு. கொசுவைத் தாக்கும் பொருள் வேறு.

கொசுவர்த்திச் சுருளையே எடுத்துக்கொள்வோம். இது ஜப்பானில் பிறந்தது. பைரேத்ரம் என்பது சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வெண்ணிறப் பூ. அதன் பொடிக்குப் பூச்சிகளைக் கொல்லும் இயல்பு உண்டு. எய்இசிரோ உயேயமா என்னும் வணிகர் 1890ஆம் ஆண்டில் அப்பொடியைக்கொண்டு ஊதுவத்தி போன்ற குச்சிகளைச் செய்தார். அவை விரைவில் எரிந்து தீர்ந்தன. குச்சியை நீளமாக்கிச் சுருளாக வளைக்கலாம் என்னும் எண்ணத்தை அவருடைய மனைவி யூகி 1895இல் வழங்கினார் என்பர். இன்றைய சுருள் ஏறத்தாழ ஏழு, எட்டு மணி நேரம் எரிகிறது. அதில் பெரும்பகுதி மரத்தூளும் தேங்காய் ஓட்டுப் பொடியும் பசையும்தான். பைரேத்ரத்தைப் போலச் செயற்கையாகச் செய்யப்பட்ட மருந்து, நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே இருக்கும்.

அச்சிறிய அளவு எவ்வாறு வேலை செய்கிறது? சுருளின் நுனி செந்நிறமாகக் கனல்கிறது. நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ள பகுதியில், எரிவதற்குப் போதாத, ஆனால் மருந்து ஆவியாவதற்குப் போதுமான வெப்பம் உண்டு. அங்கிருந்து எழும் ஆவி அறையில் பரவிக் கொசுவின் நரம்புகளைத் தாக்குகிறது. சிறிதளவு பட்டால் கொசு தடுமாறிக் கடிக்க மறக்கும். மிகுதியாகப் பட்டால் கீழே விழும். அந்த ஆவி நம் மூக்கிற்கு அவ்வளவாகப் புலப்படுவதில்லை. நாம் முகர்வது மரத்தூளின் புகையையும், அதனுடன் சேர்க்கப்பட்ட வாசனைப் பொருளையுமே. எனவே, புகை மிகுந்தால் பயன் மிகும் என்று கொள்வது பொருந்தாது.

புகையால் வரும் கேடு தனி. ஒரு சுருள் முழுதும் எரியும்போது வெளிப்படும் நுண்துகள்களின் அளவு, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதால் உண்டாகும் அளவிற்கு நிகரானது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இத்துகள்கள் கண்ணுக்குத் தெரியாதவை. நுரையீரலின் அடி வரை செல்லக்கூடியவை. சிறுவர்களின் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் அவர்களையே இவை மிகுதியாக வருத்தும்.

எங்கள் மாடியில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டுச் சிறுவனுக்கு ஆறு வயது. ஓர் அக்டோபர் மாதத்தில் அவன் விடியற்காலைதோறும் இருமினான். பள்ளிக்குப் புறப்படும் வேளையில் இருமல் தணிந்துவிடும். அவன் உறங்கிய அறை பத்தடிக்குப் பத்தடி. சன்னல்களை மூடிவிட்டு, இரவு ஒன்பது மணிக்குக் கட்டிலருகே சுருளை ஏற்றுவது வழக்கம். மருத்துவர் மார்பைச் சோதித்தபின், “இரவில் அறையில் எதையேனும் எரிக்கிறீர்களா?” என்று வினவினார். மூச்சுத்தொல்லை உள்ளவர்களுக்கு இயல்பாகவே விடியலில் இருமல் கூடலாம். ஆகவே, அது ஒன்றை மட்டும் வைத்துப் புகையைக் குறைகூற முடியாது. ஆனால், சிறுவன் தன் மாமா வீட்டில் தங்கிய இரு இரவுகளிலும் இருமவில்லை என்பது தாயின் நினைவிற்கு வந்தது. அங்கே சுருள் ஏற்றுவதில்லை, கொசுவலை கட்டுவார்கள்.

மருத்துவர் சொன்னபடி சுருளை நிறுத்திக் கொசுவலை கட்டினர். பாட்டிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. “புகை போடாமல் கொசு எப்படியம்மா போகும்?” என்று என்னைக் கேட்டார். “கொசு போகவேண்டியதில்லை பாட்டி, பிள்ளையிடம் வராமல் இருந்தால் போதும்” என்றேன். வலையின் ஓரங்களை மெத்தையின் அடியில் செருகும் பொறுப்பைப் பாட்டியே ஏற்றுக்கொண்டார். இரண்டு வாரங்களில் இருமல் வெகுவாகக் குறைந்தது.

தெளிப்பானில் புகை இல்லை. ஆயினும் மருந்து நுண்துளிகளாக அறை முழுதும் மிதக்கும். உணவையும் குடிநீரையும் மூடி, விளையாட்டுப் பொருள்களை அகற்றி, பிள்ளைகளை வெளியே அனுப்பிய பின்னரே பெரியவர்கள் தெளிக்கவேண்டும். குப்பியில் குறித்துள்ள நேரம் வரை அறையை மூடிவைத்து, பின்பு சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்கியபின் உள்ளே செல்லவேண்டும். குப்பியில் அடைத்துள்ள வாயு எளிதில் தீப்பற்றும். ஆதலால் அடுப்பிற்கோ எரியும் விளக்கிற்கோ அருகில் தெளித்தல் ஆகாது.

சிட்ரோனெல்லா மெழுகுவர்த்தி மட்டும் சற்று வேறுபட்டது. எலுமிச்சம்புல்லின் இனத்தைச் சேர்ந்த ஒரு புல்லிலிருந்து வடிக்கும் எண்ணெய் அதில் உண்டு. அசாமில் அப்புல் பயிராகிறது. நம் மூச்சில் உள்ள கரியமில வாயுவையும் வியர்வையின் வாசனையையும் கொண்டே கொசு நம்மைத் தேடி வருகிறது. அத்தேடலைக் குழப்புவது இந்த எண்ணெயின் மணமே. இங்கு நாம் முகர்வதும் கொசுவைத் தடுப்பதும் ஒன்றுதான். ஆனால், அம்மணம் விரைவில் காற்றில் கலந்து மெலிந்துவிடும். மெழுகுவர்த்தி ஒன்று அறை முழுதையும் காக்கும் என எதிர்பார்க்க இயலாது. எரியும் சுடரைப் பிள்ளைகள் உறங்கும் அறையில் விட்டுவைப்பதும் தகாது. திரைச்சீலை ஒன்று அசைந்தாலே தீப்பற்றக்கூடும்.

மின்இணைப்பில் செருகும் திரவக் குப்பியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அதில் மருந்து பெரும்பாலும் மண்ணெண்ணெய் போன்ற நீர்மத்தில் கலந்திருக்கும். தம்பி தங்கையர் அதைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. வாந்தியின்போது அந்நீர்மம் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

டெங்குவைப் பரப்பும் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. இரவு முழுதும் எரியும் சுருள் அதனைத் தடுப்பதில்லை. அக்கொசு தில்லி வீடுகளின் கூலர்த் தொட்டிகளில் தேங்கும் நன்னீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே, எங்கள் மாடியில் ஞாயிறுதோறும் தொட்டிகளைக் கவிழ்த்துத் தேய்த்து உலர்த்துகிறோம். அவ்வேலைக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை.

சொற்பொருள்
நெடி – மூக்கைத் துளைக்கும் வாசனை
கனல்தல் – தணலாக எரிதல்
நுண்துகள் – மிகச் சிறிய துகள்
நீர்மம் – திரவம்

பயிற்சி
1. சுருளின் எப்பகுதியிலிருந்து மருந்து ஆவியாகிறது? ஏன்?
2. சிறுவனின் இருமலுக்குப் புகையே காரணமாகலாம் என எதைக்கொண்டு உணர்ந்தனர்?
3. சிட்ரோனெல்லா மெழுகுவர்த்தி ஏனையவற்றிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
4. உங்கள் வீட்டில் கொசுவைத் தடுக்கும் முறையைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.