"வித்தியாசம் இல்லை" என்று எழுதிய ஆய்வு

கலாசாலையில் இருந்த காலத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு செயல்நிலை ஆய்வு செய்தோம். தரம் 6இல் இரண்டு வகுப்புகள், ஒவ்வொன்றிலும் 20 பிள்ளைகள். ஒரு வகுப்புக்குக் கடதாசியை மடித்துப் பின்னம் படிப்பித்தோம். மற்ற வகுப்புக்கு வழமைபோல் கரும்பலகையில்.

கடைசிப் பரீட்சையில் மடித்துப் படித்த பிள்ளைகளின் சராசரி 5 புள்ளி கூட. சந்தோசப்பட்டோம். ஆனால் கணக்குப் பார்த்தால், அந்த 5 தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றது சோதனை. "இம்முறையால் பயனில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்த முடிவு பிழை. "எங்களால் சொல்ல முடியவில்லை" என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

ஏன் என்று பாருங்கள். ஒரே வகுப்பில் ஒருவர் 80 எடுப்பார், இன்னொருவர் 35. எங்கள் பிள்ளைகளின் நியம விலகல் 15 அளவில் இருந்தது. இப்படிப் பரந்து கிடக்கும் புள்ளிகளில் 20 பேருக்கு 20 பேரை ஒப்பிட்டால், சராசரிகளின் வித்தியாசமே தற்செயலாக 4.7 புள்ளி அளவுக்கு மேலும் கீழும் ஆடும். சோதனை ஏற்றுக்கொள்ள அதன் இரண்டு மடங்கு, அதாவது சுமார் 9.6 புள்ளி வித்தியாசம் வர வேண்டும். உண்மையான பயன் 5 புள்ளிதான் என்று வையுங்கள். அதே ஆய்வை 100 தடவை செய்தாலும் சுமார் 18 தடவைதான் அது பிடிபடும். இந்த 18 சதவீதத்தைத்தான் சோதனையின் வலு என்கிறார்கள். தொடங்கும்போதே நாங்கள் பெரும்பாலும் தோற்றுப்போயிருந்தோம், தெரியாமல்!

பிடிபடும் அந்த 18 தடவையிலும் ஒரு சிக்கல் உண்டு. 9.6ஐத் தாண்டினால்தானே ஏற்கும்? அப்போது 5 புள்ளிப் பயனை 10, 12 என்று ஊதிச் சொல்வோம்.

இது எங்களைப் போன்ற மாணவ ஆசிரியர்களின் பிழை மட்டுமல்ல. 1962இல் ஜேக்கப் கோஹன் ஒரு உளவியல் சஞ்சிகையின் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார். நடுத்தர அளவான வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அவற்றில் சராசரியாகப் பாதிகூட இல்லை.

80 சதவீத வலு வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு 140 பேருக்கு மேல் தேவை. எங்கள் பாடசாலையில் அதற்கு எங்கே போவது? ஒரு வழி உண்டு. படிப்பிக்க முதலே ஒரு பரீட்சை வைத்து, அந்தப் புள்ளியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முன், பின் புள்ளிகளின் இணைவு 0.7 அளவில் இருந்தால் தேவையான தொகை ஏறக்குறையப் பாதியாகும். ஆனால் இரண்டே வகுப்புகளை ஒப்பிட்டால், வித்தியாசம் முறையாலா ஆசிரியராலா என்ற கேள்வி எத்தனை பிள்ளைகளைச் சேர்த்தாலும் தீராது.

சின்ன ஆய்வு ஒன்றை வாசிக்கும்போது இப்போது நாங்கள் முதலில் தேடுவது அது தரும் வீச்சை. எங்களுடையது சுமார் -4.6 முதல் 14.6 வரை. அதற்குள் பூச்சியமும் இருந்தது, 14 புள்ளிப் பயனும் இருந்தது.