முகத்தை விடு, முதுகைப் பார்

அக்கா மகன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். முதல் வாட்ச் என் பொறுப்பு; கையில் இருந்தது 2,000 ரூபாய். சனிக்கிழமை காலை இருவரும் மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு சின்ன வாட்ச் கடைக்குள் நுழைந்தோம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய வட்டமாகப் பளபளத்துக்கொண்டிருந்த ஒன்றில் அவன் கண் போய் நின்றது. தங்க நிற உடம்பு, டயலுக்குள் மூன்று குட்டி வட்டங்கள். விலை 900. பெயர் கேள்விப்படாத கம்பெனி.

“மாமா, இது செமையா இருக்கு.”

“குட்டி முள்ளு ஏதாவது நகருதா பாரு.”

ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான். எதுவும் அசையவில்லை. பக்கத்துப் பட்டனை அழுத்தினான். அழுந்தியது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. வட்டங்கள் வெறும் அலங்காரம்.

வாட்சைத் திருப்பச் சொன்னேன். பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று பொறித்திருந்தது. “ஸ்டீல்தானே மாமா?” என்றான். அந்தக் கடைசிச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. பின்மூடி மட்டும் ஸ்டீல். மற்ற உடம்பு பித்தளையோ துத்தநாகக் கலவையோ. மேலே மெல்லிய முலாம். முழு உடம்பும் ஸ்டீல் என்றால் ‘ஆல்’ என்ற சொல்லும் சேர்ந்திருப்பது வழக்கம். நம் ஊர் வியர்வைக்கு முலாம் அதிக நாள் தாங்காது. தோலோடு உரசும் கீழ் விளிம்பிலும், ஸ்ட்ராப் வந்து சேரும் காதுப் பகுதியிலும் முதலில் தேயும். அப்புறம் மணிக்கட்டில் பச்சைக் கறை படியும். நான் காலேஜில் கட்டிய முதல் வாட்ச் ஒரே கோடையில் அப்படித்தான் ஆனது.

அடுத்து ஸ்மார்ட் வாட்ச் கேட்டான். கடைக்காரரே முந்திக்கொண்டார்: “தம்பி, பரீட்சை ஹாலுக்குள்ள விடமாட்டாங்க. சார்ஜும் போட்டுக்கிட்டே இருக்கணும்.” சீனியருக்கு போன் போட்டுக் கேட்டான். “ஸ்மார்ட் வேண்டாம், சாதா டிஜிட்டல் விடுறாங்களாம்.” வாங்குவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது. சில இடங்களில் முள் வாட்ச் மட்டும்தான்.

அப்புறம்தான் கேசியோ எஃப்-91டபிள்யூ வெளியே வந்தது. 1989-இல் வந்த மாடல், பின்மூடி தவிர உடம்பெல்லாம் பிளாஸ்டிக், எடை 21 கிராம். “மாமா, இது தாத்தா காலத்து வாட்ச்” என்று முகம் சுளித்தான். உரிவதற்கு முலாமே இல்லாத வாட்ச் என்றேன்.

இதற்குப் போலிகளும் உண்டு. வலப்பக்கப் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். திரையில் நேரம் மறைந்து CASIo என்று எழுந்தது. சிரித்துவிட்டான். சில போலிகள் இதையும் செய்துவிடுவதால், பில்லும் கடை முத்திரை குத்திய வாரண்டி கார்டும் கேட்டு வாங்கினேன்.

உள்ளே இருப்பது சிஆர்2016 செல். கம்பெனி சொல்லும் ஆயுள் ஏறத்தாழ 7 வருஷம்; ஆனால் அந்தக் கணக்கு தொழிற்சாலையில் செல் போட்ட நாளிலிருந்து ஓடுகிறது. கடையில் 2 வருஷம் தூங்கியிருந்தால் மீதி 5 தான். அப்படியே ஆனாலும் படிப்பின் 4 வருஷத்துக்குப் போதும். எண்கள் மங்க ஆரம்பித்தாலோ, லைட் போட்டதும் திரை அணைந்தாலோ செல் தீரப்போகிறது என்று அர்த்தம். பின்மூடியை நான்கு சின்ன ஸ்க்ரூதான் பிடித்திருக்கிறது. எந்த வாட்ச் கடையிலும் மாற்றிவிடுவார்கள்.

குறைகளையும் சொல்லிவிட்டேன். மாதத்துக்கு 30 விநாடி வரை முன்னே பின்னே போகலாம். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு செமஸ்டரில் 3 நிமிடம். மாதம் பிறந்ததும் போனைப் பார்த்துச் சரிசெய்தால் தீர்ந்தது. லைட் ஒரு ஓரத்தில் மட்டும் பச்சையாக மினுங்கும். டயலில் ‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்று மட்டும் இருக்கிறது, எத்தனை மீட்டர் என்று இல்லை. கை கழுவலாம், மழையில் நனையலாம். நீச்சலுக்கு ஆகாது; ஈரத்தில் பட்டனை அழுத்தவும் கூடாது.

கையில் கட்டிப் பார்த்தான். ஸ்ட்ராப்புக்கு அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடம் விடச் சொன்னார் கடைக்காரர். இறுக்கிக் கட்டினால் வியர்வை தேங்கித் தோல் அரிக்கும். பணம் கொடுத்தது போகவும் கையில் மிச்சம் இருந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் என் இடது கையைப் பிடித்து, வாட்சைக் கழற்றித் திருப்பினான். பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“மாமா, உங்களதுலயும் ‘பேக்’னுதான் போட்டிருக்கு.”